அச்சு 50-ல் தொடங்கினால் பெண்கள் காணாமல் போவார்கள்: ஒரு மாணவியின் சார்ட்டை எப்படி விமர்சிக்க வேண்டும்?

கல்லூரி புராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு சார்ட் திரைக்கு வந்ததும் கிடைக்கும் கருத்துகள் பெரும்பாலும் இரண்டு வகைதான். ‘நல்லா இருக்கு, அடுத்த ஸ்லைடு’ என்பது ஒன்று. ‘கலர் கொஞ்சம் மாத்தும்மா’ என்பது இன்னொன்று. அச்சு எந்த எண்ணில் தொடங்குகிறது, போட்டிருக்கும் சதவீதம் எதில் சதவீதம், கடைசியில் இந்தப் படம் என்னதான் சொல்ல வருகிறது என்ற கேள்விகள் அங்கே எழுவதே இல்லை.

கேட்காமல் விட்டால் என்ன நஷ்டம்? கையில் இருக்கும் எண்கள் அத்தனையும் சரியாக இருக்கும். படம் மட்டும் பொய் சொல்லும். போட்டவருக்கே அது தெரியாது. இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, ஒரே ஒரு சார்ட்டை எடுத்துவைத்து முழுசாக விமர்சித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும்.

மாணவி கொண்டுவந்த சார்ட்

சமூகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர், தமிழ்நாட்டில் ஆண், பெண் எழுத்தறிவு பற்றி ஒரு சார்ட் போட்டுக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி கற்பனை, எண்கள் நிஜம். மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் இருந்து அவர் எடுத்தவை இவை:

1991: ஆண்கள் 73.8 சதவீதம், பெண்கள் 51.3 சதவீதம்
2001: ஆண்கள் 82.4 சதவீதம், பெண்கள் 64.4 சதவீதம்
2011: ஆண்கள் 86.8 சதவீதம், பெண்கள் 73.4 சதவீதம்

ஒவ்வோர் ஆண்டுக்கும் நீலத்தில் ஒரு பட்டை, பிங்க் நிறத்தில் ஒரு பட்டை. இடது பக்க அச்சு 50-ல் தொடங்கி 90-ல் முடிகிறது. மேலே ‘தமிழ்நாடு எழுத்தறிவு: ஒரு பகுப்பாய்வு’ என்று தலைப்பு. ஓரத்தில் நிறங்களுக்கான குறிப்பில் `Series1`, `Series2` என்று எக்செல் தானாகக் கொடுத்த பெயரே இருக்கிறது. கீழே பொடி எழுத்தில் ‘ஆதாரம்: இணையம்’.

அவர் சொல்ல நினைப்பது நல்ல விஷயம்: இருபது வருஷத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளி குறைந்திருக்கிறது. அதை இந்தப் படம் சொல்கிறதா?

முதல் கேள்வி: கண்ணுக்கு என்ன தெரிகிறது?

விமர்சனத்தை அச்சில் இருந்து தொடங்கலாம். ஏனென்றால் மற்ற குறைகள் படத்தைப் புரியாமல் ஆக்கும். அச்சில் இருக்கும் குறை படத்தைத் தப்பாகப் புரியவைக்கும். புரியாத படத்தை யாரும் நம்ப மாட்டார்கள். தப்பாகப் புரிகிற படத்தை நம்பி ஃபார்வர்ட் பண்ணுவார்கள்.

பட்டையைப் பார்க்கும்போது கண் அச்சில் உள்ள எண்ணைப் படிப்பதில்லை. இந்தப் பட்டை அந்தப் பட்டையைவிட எத்தனை மடங்கு நீளம் என்றுதான் பார்க்கிறது. பார் சார்ட்டில் நீளம்தான் மொழி. அதனால் பட்டையின் அடிப்பகுதியை வெட்டினால், அந்த மொழியே மாறிவிடும்.

ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம். சார்ட்டின் உயரம் 8 சென்டிமீட்டர் என்றால், 50-லிருந்து 90 வரையிலான 40 புள்ளிகள் அதில் அடங்குகின்றன. அதாவது 1 சென்டிமீட்டருக்கு 5 புள்ளிகள். 1991-ல் ஆண்களின் பட்டை 50-க்கு மேல் 23.8 புள்ளிகள் ஏறுகிறது. உயரம் கிட்டத்தட்ட 4.8 சென்டிமீட்டர். அதே ஆண்டில் பெண்களின் பட்டை 50-க்கு மேல் வெறும் 1.3 புள்ளிதான். உயரம் 3 மில்லிமீட்டர்கூட இல்லை. போனில் பார்த்தால் அது ஒரு பிங்க் கோடு, அவ்வளவுதான்.

படம் சொல்வது: 1991-ல் பெண்களைவிட ஆண்களிடம் எழுத்தறிவு 18 மடங்கு அதிகம். எண்கள் சொல்வது: 1.4 மடங்கு.

இன்னொரு ஒப்பீடும் அதே படத்தில் ஒளிந்திருக்கிறது. பெண்களின் பட்டையை மட்டும் பாருங்கள். 1991-ல் 3 மில்லிமீட்டர், 2011-ல் 4.7 சென்டிமீட்டர். இருபது வருஷத்தில் பெண்களின் எழுத்தறிவு 17 மடங்குக்கும் மேல் எகிறியதுபோலத் தெரியும். உண்மையில் 51.3 என்பது 73.4 ஆகியிருக்கிறது. 43 சதவீத வளர்ச்சி. அது சின்ன விஷயம் கிடையாது. ஆனால் 17 மடங்கும் கிடையாது.

அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி, தரவுப் படங்கள் பற்றி 1983-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு ஓர் எளிய அளவுகோல் கொடுத்திருக்கிறார். படத்தில் தெரியும் மாற்றத்தை, எண்ணில் உள்ள மாற்றத்தால் வகுக்க வேண்டும். அதைப் பொய்க் காரணி என்று சொல்லலாம். விடை 1 என்றால் படம் நேர்மையானது. 1-ஐத் தாண்டினால் மிகைப்படுத்துகிறது. மாணவியின் சார்ட்டில் பெண்களின் பட்டைகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால், படத்தில் 1,660 சதவீதம் வளர்ச்சி, எண்ணில் 43 சதவீதம் வளர்ச்சி. விடை கிட்டத்தட்ட 39.

வேடிக்கை என்னவென்றால், அந்த மாணவி எந்த எண்ணையும் மாற்றவில்லை. இந்த எண்களுக்குப் பார் சார்ட் போட்டால் எக்செல் இயல்பாக 0-வில்தான் தொடங்கும். ‘கீழே வீணா இடம் போகுதே’ என்று நினைத்து அவர் அச்சின் தொடக்கத்தை 50 ஆக்கியிருக்கிறார். அந்த ‘வீண் இடம்’ உண்மையில் 1991-லேயே எழுதப் படிக்கத் தெரிந்த பாதிப் பெண்கள். அவர்களை வெட்டிவிட்டுத்தான் அந்த அழகு வந்திருக்கிறது.

சரிசெய்ய ஒரு நிமிஷம் போதும். இடது அச்சின் மேல் ரைட் கிளிக் செய்து `Format Axis` போய், `Bounds` பகுதியில் `Minimum` என்ற இடத்தில் 0 என்றும், `Maximum` என்ற இடத்தில் 100 என்றும் கொடுக்க வேண்டும்.

மேல் எல்லையும் முக்கியம்

அச்சு என்றாலே எல்லோரும் கீழ் முனையைத்தான் பேசுகிறார்கள். சதவீதக் கணக்கில் மேல் முனைக்கும் அர்த்தம் உண்டு. 100 என்பது எல்லோரும் என்று பொருள். அதற்கு மேல் போக இடமில்லை.

மாணவியின் அச்சு 90-ல் முடிகிறது. அதனால் 2011-ல் ஆண்களின் பட்டை கிட்டத்தட்ட உச்சியைத் தொட்டு நிற்கிறது. பெண்களின் பட்டையும் ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்ற தோற்றம் தருகிறது. அச்சை 100 வரை நீட்டினால், பட்டைக்கு மேலே ஒரு வெற்றிடம் தெரியும். 2011-ல் பெண்களின் பட்டைக்கு மேல் இருக்கும் அந்த வெற்றிடத்தின் அளவு 26.6 புள்ளிகள். அதாவது நூறு பெண்களில் 26, 27 பேர். அவர்கள்தான் அந்தச் சார்ட்டில் இல்லாதவர்கள்.

எழுத்தறிவு பற்றிய ஒரு படத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு இடமே இல்லை என்றால், அது டிசைன் பிரச்சினை மட்டுமில்லை.

‘0-வில் தொடங்கு’ என்பதோடு நிறுத்தக் கூடாது

இங்கேதான் பெரும்பாலான விமர்சனங்கள் முடிந்துவிடுகின்றன. ‘அச்சை 0-வுல ஆரம்பிம்மா’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். மாணவி மாற்றிக்கொண்டு வருவார். வந்து என்ன சொல்வார்?

“மேம், நீங்க சொன்ன மாதிரியே மாத்திட்டேன். ஆனா இப்போ எல்லாப் பட்டையும் ஒரே மாதிரி இருக்கு. வித்தியாசமே தெரியல.”

அவர் சொல்வது நியாயம். 10 சென்டிமீட்டர் உயரச் சார்ட்டில் இப்போது 1991-ன் பட்டைகள் 7.4 மற்றும் 5.1 சென்டிமீட்டர், 2011-ன் பட்டைகள் 8.7 மற்றும் 7.3 சென்டிமீட்டர். படம் நேர்மையாகிவிட்டது, செய்தி மங்கிவிட்டது. ஆறு பட்டைகளை ஜோடி ஜோடியாகப் பார்த்து, ஒவ்வொரு ஜோடியிலும் வித்தியாசத்தை மனசுக்குள் கழித்து, அந்த மூன்று விடைகளையும் ஒப்பிட்டால்தான் ‘இடைவெளி குறைந்திருக்கிறது’ என்று பார்ப்பவருக்குப் புரியும். பஸ்ஸில் நின்றுகொண்டு போன் பார்ப்பவர் அவ்வளவு வேலை பார்க்க மாட்டார்.

தவறு அச்சில் மட்டும் இல்லை என்பது இப்போது தெரிகிறது. அவர் சொல்ல வந்தது இடைவெளியைப் பற்றி. வரைந்ததோ எழுத்தறிவின் அளவை. வரையாத ஒன்றைக் கண்ணுக்குத் தெரியவைக்கத்தான் அச்சை வெட்ட வேண்டிவந்தது. சார்ட்டுகளில் அச்சு வெட்டப்படும்போது பல நேரங்களில் உண்மையான காரணம் இதுதான்: தப்பான எண்ணை வரைந்துவிட்டு, அதைக் கத்தவைக்கும் முயற்சி.

அப்போது எதை வரைய வேண்டும்? இடைவெளியையே. 1991-ல் 22.4 புள்ளிகள், 2001-ல் 18.0, 2011-ல் 13.3. இந்த மூன்று எண்களை 0-வில் தொடங்கும் மூன்று பட்டைகளாகப் போட்டாலே படிக்கட்டு இறங்குவதுபோலத் தெரியும். எந்தத் தந்திரமும் தேவையில்லை. இருபது வருஷத்தில் இடைவெளி சுமார் 40 சதவீதம் சுருங்கியிருப்பது முதல் பார்வையிலேயே புரியும்.

இதிலும் ஒரு குறை உண்டு. இடைவெளியை மட்டும் போட்டால், அது எப்படிக் குறைந்தது என்று தெரியாது. பெண்கள் முன்னேறியதாலா, ஆண்கள் பின்தங்கியதாலா? இரண்டாவது நடந்திருந்தாலும் பட்டைகள் இதேபோல்தான் இறங்கும். அதனால் இந்த விஷயத்துக்குப் பொருத்தமானது லைன் சார்ட். ஆண்களுக்கு ஒரு கோடு, பெண்களுக்கு ஒரு கோடு. இரண்டும் மேலே ஏறுகின்றன, பெண்களின் கோடு வேகமாக ஏறி நெருங்குகிறது. 1991-லும் 2011-லும் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு மெல்லிய செங்குத்துக் கோடு போட்டு, பக்கத்தில் ‘22 புள்ளி’, ‘13 புள்ளி’ என்று எழுதிவிட்டால் முடிந்தது.

லைன் சார்ட்டுக்கு 0 கட்டாயமா என்ற கேள்வி வரும். கட்டாயமில்லை. கோட்டில் கண் நீளத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியின் இடத்தையும் சரிவையும் பார்க்கிறது. காய்ச்சல்காரரின் உடல் வெப்பநிலையை 0 டிகிரியில் தொடங்கி வரைந்தால், 98.6-க்கும் 103-க்கும் வித்தியாசமே தெரியாமல் போகும். டாக்டருக்கு அந்தப் படத்தால் பயனில்லை. அங்கே 0-வில் தொடங்குவதுதான் உண்மையை மறைக்கும். அதனால் ‘எப்போதும் 0’ என்று மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, ‘பட்டை என்றால் 0, கோடு என்றால் எது அர்த்தமுள்ள எல்லையோ அது’ என்று காரணத்தோடு சொல்லிக்கொடுப்பது நல்லது. எழுத்தறிவு சார்ட்டில் 0-வும் 100-ம் அர்த்தமுள்ள எல்லைகள். அதனால் அங்கே கோட்டுக்கும் அவற்றையே வைத்துக்கொள்ளலாம்.

லேபிள்: சதவீதம் சரி, எதில்?

அடுத்தது எழுத்துகள். மாணவியின் அச்சில் ‘சதவீதம்’ என்று இருக்கிறது. எதில் சதவீதம்? மொத்த மக்கள்தொகையிலா?

இல்லை. கணக்கெடுப்பில் எழுத்தறிவு விகிதம் என்பது 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எத்தனை பேர் ஏதாவது ஒரு மொழியில் புரிந்து எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்கள் என்ற கணக்கு. கைக்குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் இறங்கிவிடும். அந்த ‘7 வயதுக்கு மேல்’ என்ற குறிப்பு அச்சுக்குப் பக்கத்தில் இல்லையென்றால், வேறு வயது வரம்போடு வரும் எண்ணை யாராவது இதோடு ஒப்பிட்டுவிடுவார்கள்.

அது மாணவிக்கே நடக்கலாம். “2011-ஓட நிறுத்தினா ரொம்பப் பழசா இருக்கே மேம், 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்புல எழுத்தறிவு இருக்கு. அதையும் சேர்த்துடட்டுமா?” என்று அவர் கேட்பார். 2021-ல் வர வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை என்பதால், இந்த ஆசை இயல்பானது.

சேர்க்கக் கூடாது. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்லும் எழுத்தறிவு 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களுக்கானது. பள்ளிக்கூடம் போகவே வாய்ப்பில்லாமல் வளர்ந்த பாட்டிகள் பலர் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அளக்கும் முறையும் வேறு. ஒன்பதாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் முடித்தவர்களை அங்கே எழுத்தறிவு பெற்றவர்களாகவே எடுத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களிடம் ஒரு வாக்கியத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்தால், வயதானவர்களைக் கணக்கில் இருந்து எடுத்ததால் வந்த ஏற்றமும் முன்னேற்றமாகத் தெரியும். போட்டே ஆக வேண்டும் என்றால் தனிச் சார்ட்டாக, வயது வரம்பை எழுதிப் போடலாம்.

ஆதாரக் குறிப்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும். ‘இணையம்’ என்பது ஆதாரம் கிடையாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டுப் பெண்களின் எழுத்தறிவுக்கு இணையத்தில் இரண்டு எண்கள் கிடைக்கும். முதலில் வந்த தற்காலிக முடிவில் 73.86, பின்னர் வந்த இறுதி முடிவில் 73.44. வித்தியாசம் சிறியதுதான். ஆனால் ஒரு மாணவர் ஒன்றையும் இன்னொருவர் மற்றதையும் எடுத்துக்கொண்டு, ‘உன் டேட்டா தப்பு’ என்று சண்டை போட இது போதும். ‘இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1991, 2001, 2011, 2011-க்கு இறுதி முடிவுகள்’ என்று ஒரே வரி எழுதினால் அந்தச் சண்டை வராது.

இன்னொரு சொல்லையும் கவனிக்க வேண்டும். இடைவெளி 22.4-லிருந்து 13.3 ஆனதை ‘9 சதவீதம் குறைந்தது’ என்று எழுதினால் தப்பு. குறைந்தது 9 சதவீதப் புள்ளிகள். சதவீதமாகச் சொன்னால் சுமார் 40 சதவீதம் குறைந்திருக்கிறது. இரண்டும் உண்மை, இரண்டும் வேறு வேறு உண்மை. எதைச் சொல்கிறோம் என்பது லேபிளில் தெரிய வேண்டும்.

`Series1`, `Series2` பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. ஓரத்தில் உள்ள குறிப்பையே எடுத்துவிட்டு, கோட்டின் முடிவிலேயே ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று எழுதிவிடலாம். கண் அங்கும் இங்கும் ஓட வேண்டாம். கருப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தாலும், நிறம் பிரித்தறியச் சிரமப்படுபவர் பார்த்தாலும் படம் புரியும்.

தலைப்பு செய்தியைச் சொல்கிறதா?

‘தமிழ்நாடு எழுத்தறிவு: ஒரு பகுப்பாய்வு’ என்பது ஃபைலுக்கு வைக்கும் பெயர். சார்ட்டுக்கு வைக்கும் தலைப்பு, படத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். ‘எழுத்தறிவில் ஆண்-பெண் இடைவெளி இருபது ஆண்டுகளில் 22 புள்ளியில் இருந்து 13 புள்ளியாகக் குறைந்தது’ என்று எழுதினால், பார்ப்பவர் அந்த இடைவெளியைத் தேடிப் பார்ப்பார். படத்தில் அது தெரியவில்லை என்றால், தலைப்பே படத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. தலைப்பை மறைத்துவிட்டு, சார்ட்டை வகுப்பில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் ஐந்து விநாடி காட்ட வேண்டும். பிறகு மூடிவிட்டு, ‘என்ன புரிஞ்சுது?’ என்று கேட்க வேண்டும். அவர் சொல்வதும் மறைத்த தலைப்பும் ஒன்றாக இருந்தால் செய்தி தெரிகிறது. மாணவியின் முதல் சார்ட்டைக் காட்டினால், ‘முன்னாடி பெண்கள் யாருமே படிக்கல போல’ என்றுதான் பதில் வரும். அந்த ஒரு பதில், அச்சைப் பற்றிய பத்து நிமிஷ லெக்சரைவிட அவருக்கு நன்றாகப் புரியவைக்கும்.

விமர்சிப்பவரும் இந்த வரிசையில் பேசுவது நல்லது. ‘நீ ஏமாத்துற’ என்று தொடங்கினால் மாணவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். ‘எனக்கு இதைப் பார்த்தா 18 மடங்கு வித்தியாசம் மாதிரி தெரியுதும்மா, நீ சொல்ல வந்தது அதுதானா?’ என்று கேட்டால், அவரே எண்ணைத் திரும்பிப் பார்ப்பார்.

கடைசிக் கேள்வி: தலைகீழாகத் திருப்பினால்?

அச்சு சரி, லேபிள் சரி, செய்தியும் தெரிகிறது. இதோடு முழு மதிப்பெண் போட்டுவிடலாமா? இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வி அது.

எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை எண்ணிய அதே தரவில், தெரியாதவர்களை எண்ணிப் பார்க்கலாம். 1991-ல் ஆண்களில் 26.2 சதவீதம், பெண்களில் 48.7 சதவீதம். 2011-ல் ஆண்களில் 13.2 சதவீதம், பெண்களில் 26.6 சதவீதம். இருவரிடமும் அறியாமை கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்திருக்கிறது. நல்ல செய்தி.

இப்போது இருவரையும் ஒப்பிடுங்கள். 1991-ல் எழுதப் படிக்கத் தெரியாத நிலை ஆண்களிடம் இருந்ததைப்போல 1.9 மடங்கு பெண்களிடம் இருந்தது. 2001-ல் 2 மடங்கு. 2011-லும் 2 மடங்கு. இடைவெளி குறைந்ததாக நாம் கொண்டாடிய அதே இருபது வருஷத்தில், இந்த மடங்கு இறங்கவே இல்லை.

எது உண்மை? இரண்டுமே. புள்ளிகளில் கழித்துப் பார்த்தால் இடைவெளி சுருங்கியிருக்கிறது. மடங்கில் பார்த்தால் அப்படியே நிற்கிறது. ஆண்களின் கோடு 100-ஐ நெருங்க நெருங்க, அதற்கு ஏறுவதற்கு இடம் குறைகிறது. அதனால் இரண்டு கோடுகளும் எப்படியும் நெருங்கித்தான் ஆக வேண்டும். புள்ளிக் கணக்கில் இடைவெளி குறைந்ததில் ஒரு பகுதி, இந்த உச்சவரம்பின் வேலை.

இதைச் சொன்னதும் மாணவியின் செய்தி பொய்யாகிவிடாது. ஆனால் ‘இடைவெளி குறைந்தது, சமத்துவம் வந்துகொண்டிருக்கிறது’ என்று ஒரு படி மேலே போய் முடிவுரை எழுத அவர் நினைத்திருந்தால், அந்தப் படியை இந்தப் படம் தாங்காது. சார்ட்டுக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும்: ‘2011-லும் எழுதப் படிக்கத் தெரியாத நிலை ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மடங்கு’. படம் பலவீனமாகிவிடாது. அந்த வரியைப் படிப்பவர், இந்த மாணவி தனக்குச் சாதகமில்லாத கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்வார். மீதி எண்களையும் அதற்குப் பிறகு நம்புவார்.

இதெல்லாம் ஒரு கல்லூரி சார்ட்டுக்குத் தேவையா?

‘டிவியிலயே எலெக்‌ஷன் நேரத்துல பட்டையை இஷ்டத்துக்குப் போடுறாங்க, ஒரு ஸ்டூடண்ட் சார்ட்டுக்கு இவ்வளவு அலப்பறையா?’ என்று கேட்கலாம். டிவியில் அந்தப் பட்டையைப் போடுபவரும் எங்கோ ஒரு கல்லூரியில் படித்தவர்தான். அவர் முதல் சார்ட்டைக் காட்டியபோது, ‘கலர் கொஞ்சம் மாத்துங்க’ என்று மட்டும் யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அலுவலகத்தில் வாரம் ஒரு ஸ்லைடு போடும் இளைஞர்களுக்கும் இதே கதைதான். விற்பனை 92-லிருந்து 95 ஆனதை, 90-ல் தொடங்கும் பட்டையில் போட்டு மேனேஜரைச் சந்தோஷப்படுத்துவது ஒரு முறை வேலை செய்யும். மேனேஜர் அச்சைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும் வரை.

எழுத்தறிவு சார்ட்டில் நஷ்டம் அதைவிடப் பெரியது. 50-க்குக் கீழே வெட்டியதில் 1991-ல் ஏற்கெனவே படித்திருந்த பெண்கள் காணாமல் போனார்கள். 90-க்கு மேலே வெட்டியதில் 2011-லும் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர்கள் கண்ணில் படாமல் போனார்கள். மிச்சம் இருந்தது ஓர் அதிசயக் கதை. அதிசயம் ஏற்கெனவே நடந்துவிட்டது என்று படம் சொன்னால், முதியோர் கல்விக்கோ பெண் கல்விக்கோ இனி எதற்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று பார்ப்பவர் கேட்பார். அப்படிக் கேட்பவர் மேல் தவறில்லை. அவர் பார்த்த படம் அப்படி.

அதனால் அடுத்த ரிவ்யூவில் ஒரு சார்ட் திரைக்கு வரும்போது, நிறத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், அச்சின் இரண்டு முனைகளிலும் எந்த எண் இருக்கிறது என்று மாணவரையே சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். ‘50-லிருந்து 90 வரை’ என்று சொல்லும்போதே, மீதி 60 புள்ளிகள் எங்கே போயின என்ற கேள்வி வகுப்பில் யாருக்காவது வந்துவிடும்.